குமுதா மிக்சியின் சின்ன ஜார்

1

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் படம் அனுப்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு எச்சரிக்கை சொல்கிறேன். நாம் முகத்தைக் காட்டுவதற்காக அனுப்புகிறோம். பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. கழுத்தில் எத்தனை சங்கிலி, பின்னால் எத்தனை நாற்காலி, ஜன்னலுக்குத் திரை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதிலும் சமையல் மேடை படத்தில் விழுந்துவிட்டால் போயிற்று, குடும்ப ரகசியம் முழுவதும் அங்கேதான் பரப்பி வைத்திருக்கும்.

மெல்பர்னில் இந்தப் பொங்கலுக்கும் பால் பொங்கியது. என் கணவர் சேகர் காமிராவைத் தூக்கினார். "சமையல்கட்டுல வேணாம், தோட்டத்துல எடுங்க" என்றேன். வெயில் மண்டையைப் பிளக்கிற ஜனவரி. என் மகள் நித்யா, "வொய் மம், இட்ஸ் ஸோ ஹாட்" என்று சிணுங்கினாள். தமிழில் சொன்னால்தான் பாயசம் தருவேன் என்று மிரட்டியதற்கு, பாயசமே வேண்டாம் என்று போய்விட்டாள். நான்கு வயதுக்குள் எனக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள், ஆனால் என் பாஷையில் இல்லை.

போன வருஷப் பொங்கலுக்கு நாங்கள் எடுத்த படம் சமையல்கட்டில் எடுத்தது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

2

அந்தப் படம் எங்கள் வீட்டில் எடுத்ததல்ல. நிர்மலா அத்தை வீட்டில் எடுத்தது. அத்தை என் அப்பாவின் கூடப் பிறந்த ஒரே தங்கை. கோலார் தங்கவயலில் எங்கள் குடும்பக் கணக்குப்படி அவள் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

செத்தவளை நான் கண்டுபிடித்தது ஒரு மளிகைக் கடையில். மெல்பர்னுக்கு வந்த புதிது. கறிவேப்பிலையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நகை மாதிரி வைத்திருந்தார்கள். விலையைப் பார்த்துவிட்டு என்னை அறியாமல், "இன்னாங்க இது, ஒரு கொத்துக்கு இம்மாம் வெலயா?" என்று கத்திவிட்டேன். முன்னால் நின்ற அம்மாள் சட்டென்று திரும்பினாள். "இன்னா"வைக் கேட்டுத் திரும்பிய முகம் அது.

"எந்த ஊரு நீ?"

"கேஜிஎஃப்."

"அங்க எங்க?"

சொன்னேன். அப்பா பேரைக் கேட்டாள். சொன்னேன். கையிலிருந்த கூடையைத் தரையில் வைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டாள். அதன் பிறகுதான் எனக்கு மூக்கு அடையாளம் தெரிந்தது. எங்கள் ஆயாவின் மூக்கு. ஆயா என்றால் அப்பாவைப் பெற்றவள். எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அத்தையின் வீட்டுக்காரர் ஸ்டீபன் மாமா அங்கே ஒரு பிஸ்கட் ஆலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்க்கிறார். ஒரே மகள் ரேச்சல், பள்ளியின் கடைசி வகுப்பு. அவளுக்குத் தமிழில் தெரிந்தது சாப்பாட்டுப் பெயர்கள் மட்டும். அத்தை வீட்டுச் சமையல் மேடையின் மூலையில் ஒரு பழைய மிக்சி உட்கார்ந்திருந்தது. வெள்ளை உடம்பு மஞ்சளித்துப் போயிருந்தது. முகப்பில் ஒரு தகட்டில் குமுதப் பூவும், "குமுதா" என்ற எழுத்தும். சின்னப் பிள்ளையில் எங்கள் வீட்டில் அதன் சத்தத்தில்தான் நான் எழுந்திருப்பேன்.

அத்தையைச் சந்தித்ததை நான் ஊருக்குச் சொல்லவில்லை. அத்தையே அப்படிக் கேட்டுக்கொண்டாள். "அம்மாவே என்னக் கேக்கணும்டி. கேட்டா நான் மறுநாளே பிளேன் ஏறுவேன். கேக்காம போயி வாசல்ல நின்னா, உள்ள வான்னு சொல்லாது. என்னால அத தாங்க முடியாது." அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். வீடு, கார், பிள்ளை எல்லாம் இருந்தும் அவள் அந்த ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலன்று அத்தையை ஒதுக்கிவிட்டு, என்னையும் நித்யாவையும் பானையையும் மட்டும் படத்தில் வரும்படி பார்த்துக்கொண்டோம். மிக்சியை ஒதுக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

3

அத்தை செத்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தாத்தா கனரகத் தொழிற்சாலையில் கடைசல் பட்டறைக்காரர். அத்தை அதே தொழிற்சாலை அலுவலகத்தில் தட்டச்சு செய்தாள். அவளுடைய முதல் வேலையின் முதல் பெருமைதான் அந்தக் குமுதா மிக்சி. தொழிற்சாலைக் கூட்டுறவுக் கடையில் தவணைக்கு எடுத்தாள். பெங்களூரில் யாரோ சிறு முதலாளி செய்து, இந்த மாதிரிக் கூட்டுறவுக் கடைகளுக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்த மிக்சி. கொஞ்ச வருஷத்தில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். பெரிய ஜார், நடு ஜார், சட்னிக்குச் சின்ன ஜார் என்று மூன்று. பெரிய ஜாரின் மூடிக் குமிழ் பிளாஸ்டிக். வந்த மாசமே உடைந்தது. தாத்தா பட்டறையில் ஒரு அலுமினியத் துண்டைக் கடைந்து, இடுப்பில் இரண்டு வரி வெட்டி, புதுக் குமிழ் மாட்டினார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஸ்டீபன் மாமா ஆண்டர்சன்பேட்டைக்காரர். அவர் அப்பா சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கேஜ் ஓட்டியவர். சுரங்கத்துக்காரர்கள் என்றாலே எங்கள் ஆயாவுக்கு இளப்பம். நாமெல்லாம் கைத்தொழில் தெரிந்து வேலைக்கு வந்தவர்கள், அவர்கள் பொந்துக்குள் இறங்குகிறவர்கள் என்பாள். அதன் மேல் வேதக்காரர்கள் வேறு, சர்ச்சுக்குப் போகிறவர்கள். கேட்க வேண்டுமா?

ஒரு நாள் காலை எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தபோது அத்தை ஒரு பை துணியும் மிக்சியும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விடியற்காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியோடு சின்ன ஜார் மட்டும் தொட்டிமுற்றத்தில் கழுவாமல் கிடந்தது. ஆயா அந்தச் சட்னியைச் சாக்கடையில் கொட்டினாள். பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, "எம் பொண்ணு செத்துட்டா" என்றாள்.

கோபத்தில் எல்லாரும் சொல்வதுதான். எங்கள் ஆயா சொன்னதைச் செய்தாள். பதினாறாம் நாள் ஊரிகத்திலிருந்து காரியம் செய்கிற நாகப்பனைக் கூப்பிட்டு, உயிரோடு இருக்கிற மகளுக்குப் பிண்டம் வைத்தாள். அத்தையின் புடவை, தட்டு, தலையணை, குடை எல்லாவற்றையும் அவருக்குத் தானம் கொடுத்தாள். தாத்தா வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் அத்தையின் கருமாதியில் வயிறு முட்ட வடை தின்றேன். நல்ல வடை. அதுவும் எனக்கு நினைவிருக்கிறது.

தாத்தா அடுத்த வருஷம் போய்விட்டார்.

4

படம் போய்ச் சேர்ந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் பேசினேன். வழக்கமாக அம்மாதான் எடுப்பாள். அன்றைக்கு ஆயா எடுத்தாள்.

"இன்னாடி, பொங்கல் நல்லா வெச்சியா?"

"வெச்சோம் ஆயா."

"யார் ஊட்ல?"

"தெரிஞ்சவங்க ஊட்ல."

"தெரிஞ்சவங்க ஊட்ல குமுதா மிக்சி இருக்குது."

"கடையில வாங்கியிருப்பாங்க ஆயா" என்றேன்.

"எந்தக் கடையில? நம்ம சொசைட்டிய தவிர அத யாரு வித்தான்? கம்பெனிய மூடியே எத்தினி வருசமாவுது! கண்ணாடிய வெச்சிப் பாத்தேன். மூடி மேல அலுமினியக் குமிழு இருக்குது, இடுப்புல ரெண்டு கோடு. அது கம்பெனி குமிழா? உங்க தாத்தா கடஞ்சது."

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"அது என் மிக்சி. வர்றப்போ எடுத்துக்னு வா."

"ஆயா, நிர்மலா அத்தை நல்லா..."

"நான் யாரையும் கேக்கல. மிக்சிய கேட்டேன்."

போனை வைத்துவிட்டாள். பிறகு அம்மா சொன்னாள். படம் வந்த அன்றிலிருந்து ஆயா அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, தாத்தாவின் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். என்னையும் நித்யாவையும்தான் பார்க்கிறாள் என்று அம்மா நினைத்திருக்கிறாள்.

5

அத்தையிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அத்தை கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"கேட்டுச்சா? அதே வாயால கேட்டுச்சா?"

"மிக்சியத்தான் அத்தை கேட்டுச்சு. உங்கள இல்ல."

"உனக்கு எங்கம்மாவ தெரியாதுடி. சோறு போடணும்னா, தட்டு கழுவலயான்னு திட்டும். அதோட பாசம் அப்படித்தான் வரும்."

ஸ்டீபன் மாமா கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உன் சம்பளத்துல வாங்கினது நிம்மி. அது எப்படி அவங்க மிக்சி ஆவும்?" என்றார். அத்தை அவரை முறைத்தாள்.

அன்றைக்குத்தான் அந்த மிக்சியின் வயிற்றில் மாமா எவ்வளவு வேலை செய்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவிலும் நம் ஊர் மாதிரியே இருநூற்று முப்பது, நாற்பது வோல்ட் மின்சாரம் என்பதால் மோட்டாருக்குத் தொல்லையில்லை. அமெரிக்காவில் இருப்பவர்கள் மிக்சிக்குக் கீழே செங்கல் கனத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக்கொண்டு அவதிப்படுவார்களே, அது இங்கே வேண்டாம். பிளக்கை மட்டும் வெட்டி, இந்த ஊர் சாய்ந்த தட்டைப் பின் பிளக்கைப் போட வேண்டும். மோட்டார் சுற்றும்போது மின்சாரத்தை உள்ளே கொண்டுபோகிற கரித்துண்டுகள் இரண்டு, கார்பன் பிரஷ் என்பார்கள், அவை தேயத் தேய உள்ளே நீலப் பொறி பறக்கும், கருகல் வாடை வரும். மாமா வேறு ஏதோ இயந்திரத்தின் பிரஷ்ஷை வாங்கி அளவுக்கு உரசிப் போட்டிருந்தார்.

ஆனால் பெரிய கதை கப்ளரில்தான். மோட்டாரின் தண்டு மேலே ஒரு பல் சக்கரம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஜாரின் அடியில் அதற்கேற்ற பள்ளம் இருக்கும். ஜாரை வைத்துத் திருப்பினால் இரண்டும் கவ்விக்கொண்டு பிளேடு சுற்றும். மிக்சியில் முதலில் தேய்வது இதுதான். பல் மழுங்கினால் மோட்டார் ஓடும், பிளேடு நிற்கும். கம்பெனி இல்லாததால் மாற்றுக் கப்ளர் கிடைக்கவில்லை. மாமா நைலான் கட்டையில் புதிதாகக் கடைந்தார். இரண்டு ஜாருக்கும் இன்றைய மாதிரி சுலபமான வடிவத்தில் மாற்றிவிடலாம் என்று அவர் சொன்னதற்கு அத்தை சம்மதிக்கவில்லை. பழைய பல் வடிவம் பிசகாமல் அப்படியே இருக்க வேண்டும் என்றாளாம்.

"ஏன் அத்தை?"

"சின்ன ஜாரு அங்க கெடக்குது இல்ல? என்னைக்காவது ரெண்டும் சேர்ந்தா பொருந்தணும்ல."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாங்கின பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது. ஒரு பிடி அரிசியோ கொஞ்சம் சர்க்கரையோ போட்டுத்தான் தர வேண்டும். வெறுமையாகத் தந்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம். அத்தை பெரிய ஜார் நிறைய சர்க்கரையைக் கொட்டி, மூடியை அழுத்தி, டேப் ஒட்டினாள். மிக்சியையும் இரண்டு ஜாரையும் மாமாவின் வேட்டியில் சுற்றி என் பெட்டியில் வைத்தாள். மேடை மூலையில் ரப்பர் கால்கள் இருந்த இடத்தில் நான்கு கறுப்பு வட்டங்கள் தெரிந்தன.

6

நித்யாவைச் சேகரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் ஊருக்குக் கிளம்பினேன். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். முப்பது வயதுகூட இருக்காது, மீசை மட்டும் மூத்தது.

"இது என்னம்மா?"

"மிக்சி."

"மிக்சி தெரியுது. எல்லாரும் இங்கேருந்துதான் எடுத்துட்டுப் போவாங்க. நீங்க என்ன அங்கேருந்து பழசைக் கொண்டு வர்றீங்க?"

"எங்க ஆயாவோடது சார். கேட்டாங்க."

பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பிறந்த ஊரைப் பார்த்ததும் முகம் மாறியது. "கோலார் கோல்ட் ஃபீல்ட்ஸ். மோட்டாருக்குள்ள ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" தங்கவயலுக்கே வெளிநாட்டிலிருந்து தங்கம் கடத்துகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். அடித்தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். செம்புக் கம்பிச் சுருள் தவிர ஒன்றும் இல்லை. பிறகு ஜாரைத் திறந்தார். வெள்ளைப் பொடி. ஆளைக் கூப்பிட்டார். இன்னொருவர் வந்தார், மூன்றாமவர் வந்தார். கடைசியில் மூத்தவர் ஒருவர் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"சர்க்கரைதான்யா," என்றார் ஏமாற்றத்தோடு. "இதை எதுக்கும்மா ஜார்ல போட்டீங்க?"

"வெறும் பாத்திரம் தரக்கூடாதுன்னு சார்."

அவர் தமிழர்தான். மூடியைத் தானே அழுத்தி மூடி, "போங்கம்மா" என்றார்.

7

பங்காருப்பேட்டையில் ரயில் மாறி வீடு போய்ச் சேர்ந்தேன். ஆயா என்னைப் பார்த்ததும், "எங்க?" என்றாள். வேட்டியைப் பிரித்து மேடையில் வைத்தேன். குமிழை மட்டும் கட்டை விரலால் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

ஆஸ்திரேலியப் பிளக்கைப் பார்த்து, "இது இன்னா, கோணக் கண்ணு?" என்றாள். அப்பாவைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னாள். அப்பா வெட்டினார். தங்கையின் மிக்சி என்று அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் தெரிந்ததைச் சொல்கிற பழக்கம் அவருக்கு எப்போதும் இல்லை. பச்சை ஒயரைப் பெரிய பின்னிலும், சிவப்பையும் கறுப்பையும் சின்னப் பின்களிலும் முடுக்கினார்.

ஆயா சர்க்கரையை டப்பாவில் கொட்டினாள், ஒரு பொடிகூடச் சிந்தாமல். பிறகு பரணிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கச் சொன்னாள். அவிழ்த்தால், சின்ன ஜார். புளி போட்டுத் தேய்த்தது மாதிரி மின்னியது.

அம்மா என் கையைக் கிள்ளினாள். "தூக்கிப் போடல பாத்தியா? இத்தினி வருசம் வெச்சினு இருந்திருக்குது."

தேங்காய், பச்சை மிளகாய், பொட்டுக்கடலை. ஆயா ஜாரை வைத்துத் திருப்பினாள். கவ்விக்கொண்டது, சத்தமே இல்லாமல். ஜாரைத் தூக்கிக் கப்ளரைப் பார்த்தாள்.

"இது பழசு இல்ல. யாரு கடஞ்சது?"

"ஸ்டீபன் மாமா."

"ம். வேலக்காரன்தான்."

கைவேலை தெரிந்தவன் என்று அர்த்தம். மாமாவைப் பற்றி அந்த வாயில் வந்த முதல் நல்ல வார்த்தை. ஆயா இரண்டு முறை விட்டு விட்டு ஓட்டினாள், பிறகு ஒன்றில் வைத்தாள். நடுவில் உடம்பில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். சட்னியை எங்களுக்குப் போட்டாள். தான் தொடவில்லை. "உங்க தாத்தா கடைசியில வாய்க்கு ருசியா தண்ணிச் சட்னி கேட்டாரு. தோள்பட்ட ஒடைய அம்மியில அரச்சேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் சமையல்கட்டுக்குள் போனேன். ஆயா குளித்துவிட்டு, பெரிய ஜாரில் பச்சரிசியைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெறும் பாத்திரம் தரக்கூடாது! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அத்தைக்குப் போன் போட்டேன். "அத்தை, சின்ன ஜார் பொருந்திடுச்சு! ஆயா உங்க ஜார்ல அரிசி போட்டு வெக்குது!" அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. சாயந்தரம் தானே கூப்பிடுவதாகச் சொன்னாள். டிக்கெட்டுக்கு மாமாவை அனுப்பப் போகிறாளாம்.

திரும்பி வந்தபோது அம்மா சுவரோரம் நின்றிருந்தாள். ஆயா அரிசியின் மேல் ஒரு வாழைக்காயை வைத்துக்கொண்டிருந்தாள்.

பச்சரிசியும் வாழைக்காயும் எதற்கு என்று தமிழ் வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

8

"ஆட்டோ கூப்புடு. ஊரிகம் போவணும்" என்றாள் ஆயா.

"எதுக்கு ஆயா?"

"நாகப்பன் இன்னும் உசுரோட இருக்கான்."

நான் என்னென்னவோ சொன்னேன். கத்தினேன். அத்தை அங்கே அழுதுகொண்டிருக்கிறாள் என்றேன், ரேச்சலுக்கு உன் மூக்கு என்றேன். ஆயா மிக்சியைத் துணியில் கட்டிக்கொண்டே பதில் சொன்னாள். குரல் ஏறவே இல்லை.

"செத்தவ சாமான் ஊட்ல தங்கக்கூடாது. அன்னிக்கு எல்லாம் குடுத்தோம், இது ஒண்ணு பாக்கி. ஒண்ணு பாக்கி இருந்தா அவ வந்துகினே இருப்பா. சொப்பனத்துல வர்றா. கதவு தட்டறா. அரகொறயா குடுத்தா ஏறாது, அதான் இந்த ஜார வெச்சினு இருந்தேன். ஓடாத சாமானையும் தானம் குடுக்கக் கூடாது, அதான் ஓட்டிப் பாத்தேன்."

"அவங்க உயிரோட இருக்காங்க ஆயா!"

"உனக்கு. உங்க தாத்தா வாசல்லயே குந்திகினு செத்தாரு. அவருக்கு அவ உசுரோட வந்தாளா?"

அவளைத் தனியாக அனுப்ப முடியாமல் நானும் ஆட்டோவில் ஏறினேன். ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு ஒன்றில் நாகப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முழுக்கக் கிழம். ஆயா மிக்சியையும் மூன்று ஜாரையும் தரையில் வைத்து, வெற்றிலையில் நீர் வார்த்து, அத்தையின் பெயரைச் சொன்னாள். நாகப்பன் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

போகிறவள் அப்படியே போகவில்லை. அவருடைய மருமகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். "ஒரேயடியா ஓட விடாதம்மா, மோட்டாரு சூடாவும். விட்டு விட்டு ஓட்டு. ஜாரு நெறய அடைக்காத. சடார்னு நின்னுச்சுன்னா பயந்துக்காத, கொஞ்சம் ஆறட்டும், அடியில செவப்பு பட்டன் இருக்குது, அமுக்கினா மறுபடி ஓடும். அந்தக் குமிழு பத்திரம். எங்க ஊட்டுக்காரு கடஞ்சது."

அந்தக் குமிழையாவது எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். "முழுசா போவணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளே நுழையாமல் தொட்டிமுற்றத்தில் உட்கார்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அம்மாதான் மொண்டு ஊற்றினாள்.

மெல்பர்னைக் கூப்பிட்டேன். போன் எங்கேஜ்டாக இருந்தது. மறுபடி போட்டேன். அப்படியே. நான் கையை எடுத்த அடுத்த நிமிஷம் எங்கள் போன் அடித்தது. ஈரத் தலையோடு ஆயா பக்கத்திலேயே நின்றிருந்தாள். எனக்கு முன்னால் எடுத்துவிட்டாள்.

வெளிநாட்டு அழைப்புகளில் எங்கள் போனில் குரல் அறை முழுக்கக் கேட்கும். ஆயா, அம்மா, நான் மூன்று பேரும் கேட்டோம்.

"அம்மா... அம்மா, நான் நிர்மலா பேசறேன்மா."

ஆயா புடவைத் தலைப்பால் காதோரத் தண்ணீரைத் துடைத்தாள். எங்கள் ஆயா பெற்ற பிள்ளைகளை "டா", "டீ" தவிர வேறு விதமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"அந்தப் பேர்ல இங்க ஒரு பொண்ணு இருந்திச்சிங்க," என்றாள். "செத்துப் போச்சி. இன்னிக்குத்தான் அது சாமான்லாம் குடுத்து முடிச்சோம். நீங்க யாருங்க?"

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆயா, "தப்பு நம்பரு போல," என்று வைத்தாள். பிறகு அம்மாவிடம் காபி கேட்டாள். புதுச் சர்க்கரை போட்டுத்தான் குடித்தாள்.

9

மெல்பர்ன் திரும்பி இரண்டு நாள் அத்தை வீட்டுக்குப் போகவில்லை. கோபம் எனக்கு ஆயா மேல் மட்டும் இல்லை. அரிசியைப் பார்த்த மாத்திரத்தில் போனுக்கு ஓடினேனே, ஊரை விட்டு வந்தவளுக்கு ஊர் வழக்கம் பாதிதான் நினைவிருக்கும், அந்தப் பாதி எவ்வளவு ஆபத்து என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அத்தையே கூப்பிட்டாள். போனேன்.

சமையல் மேடை மூலையைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் கால்களின் நான்கு வட்டங்களும் அப்படியே இருந்தன. பழைய ரப்பர் உருகி ஒட்டின கறை, போகாது.

"சின்ன ஜாரு நல்லா பொருந்துச்சா?" என்று திரும்பாமல் கேட்டாள்.

"பொருந்துச்சு அத்தை. சத்தமே வரல. வேலக்காரன்தான்னு ஆயா சொல்லிச்சு."

ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டீபன் மாமா பேப்பரை மடித்தார்.

"சக்கரைய இன்னா பண்ணுச்சு?"

"டப்பாவுல கொட்டிச்சு. மறுநாளே காபியில போட்டுக் குடிச்சுச்சு."

அத்தை தேய்ப்பதை நிறுத்தினாள். "சக்கரைய கீழ கொட்டிடலயே" என்று சிரித்தாள். "எப்பவும் அப்படித்தான். மனுசங்கள தூக்கிப் போடும், சாமானத் தூக்கிப் போடாது."

"இங்க இந்தியக் கடையில மிக்சி வந்திருக்கு அத்தை. சனிக்கிழமை போயி ஒண்ணு வாங்கலாமா?" என்றேன்.

அத்தை நாரைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். மறுபடி அந்த வட்டங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"எதுக்குடி?" என்றாள். "செத்தவளுக்கு எதுக்கு சட்னி?"